சிட்ரேட் ஒடுக்கமுறையில் தங்க நானோதுகள்கள்: பொருள்களும் செய்முறையும்

பொருள்கள்

குளோரோஆரிக் அமில முந்நீரேறி (HAuCl₄·3H₂O, தூய்மை 99.9%), முச்சோடியம் சிட்ரேட் இருநீரேறி (99%) ஆகியவை வாங்கியபடியே மேலும் தூய்மைப்படுத்தாமல் பயன்படுத்தப்பட்டன. எல்லாக் கரைசல்களும் 18.2 மெகாஓம்·செ.மீ. மின்தடை எண் கொண்ட அயனி நீக்கிய நீரில் தயாரிக்கப்பட்டன.

கண்ணாடிக் கலன்களைத் தூய்மை செய்தல்

குடுவைகளும் காந்தக் கலக்குத் தண்டும் இராச திராவகத்தில் (அடர் HCl, அடர் HNO₃ கன அளவில் 3:1) 30 நிமிடம் ஊறவைக்கப்பட்டு, அயனி நீக்கிய நீரில் ஆறு முறை அலசி, 110 °C-இல் உலர்த்தப்பட்டன. திராவகம் அன்றன்றைக்குப் புகைபோக்கிப் பெட்டிக்குள் தயாரிக்கப்பட்டது. மூடிய புட்டியில் சேமிக்கப்படவில்லை. முன்பு ஒட்டியிருக்கும் தங்கத் துணுக்குகள் புதிய துகள்களுக்குக் கருவாகிவிடும் என்பதால் இந்தத் தூய்மைப் படி எந்தத் தொகுதிக்கும் விடப்படவில்லை.

கரைசல்கள்

0.0985 கிராம் HAuCl₄·3H₂O 25 மி.லி. நீரில் கரைக்கப்பட்டு 10 mM இருப்புக் கரைசல் பெறப்பட்டது. இவ்வுப்பு காற்றின் ஈரத்தை விரைவாக உறிஞ்சும், உலோகத்தையும் அரிக்கும். ஆகவே பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்துத் தாமதமின்றி எடையிடப்பட்டது. கரைசல் பழுப்புநிறப் புட்டியில் 4 °C-இல் வைக்கப்பட்டது. சிட்ரேட் கரைசல் (0.250 கிராம், 25 மி.லி. நீரில்; 34 mM) ஒவ்வொரு நாளும் புதிதாகத் தயாரிக்கப்பட்டது.

தொகுப்பு

பின்னோட்டக் குளிர்விப்பான் பொருத்திய 250 மி.லி. வட்ட அடிக்குடுவையில் 97.5 மி.லி. நீரும் 2.5 மி.லி. தங்க இருப்புக் கரைசலும் சேர்க்கப்பட்டன (தங்கம் 0.25 mM). 130 °C எண்ணெய்த் தொட்டியில் குடுவையை வைத்து, நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் கலக்கியபடி சூடாக்கப்பட்டது. சீரான கொதிநிலை 5 நிமிடம் நீடித்த பின்னரே, அறை வெப்பநிலையிலிருந்த 5.0 மி.லி. சிட்ரேட் கரைசல் ஒரே வீச்சில், 2 நொடிக்குள் சேர்க்கப்பட்டது. முன்னோட்டச் சோதனையில் இதே அளவைச் சொட்டுச் சொட்டாக விட்டபோது துகள்களின் அளவு பரவலாகச் சிதறியது. எனவே இந்தப் படியில் வேகம், அளவைப் போலவே கட்டாயமாக்கப்பட்டது.

வெளிர் மஞ்சள் மறைந்து நிறமற்றதாகி, சாம்பல் கலந்த நீலம், ஊதா வழியாகக் கரைசல் ஒயின் சிவப்பை அடைந்தது. நிறம் நிலைத்தபின் மேலும் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, குடுவையைத் தொட்டியிலிருந்து எடுத்து, கலக்குதலை நிறுத்தாமல் 25 °C-க்கு ஆறவிடப்பட்டது. பனிநீரில் வைத்துக் குளிர்விக்கவில்லை. 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, பழுப்புநிறப் புட்டியில் 4 °C-இல் சேமிக்கப்பட்டது, உறையவிடப்படவில்லை.

அளவீடு

1 செ.மீ. குவார்ட்ஸ் கலத்தில், நீர்த்தாமல், 400 முதல் 800 நா.மீ. வரை 1 நா.மீ. இடைவெளியில் உட்கவர் நிறமாலை பதிவுசெய்யப்பட்டது. அதே விகிதத்தில் நீர்த்த சிட்ரேட் கரைசல் ஒப்பீடாக இருந்தது. உச்சம் 518–522 நா.மீ. எல்லைக்குள் அமைந்து, 650 நா.மீ.-க்கு அப்பால் தோள் தென்படாத தொகுதிகள் மட்டுமே அடுத்த சோதனைகளுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. தொகுப்பு வெவ்வேறு நாள்களில் மூன்று முறை தனித்தனியே செய்யப்பட்டது.