வெயிலில் ஆள் தடுமாறினால்: காலை ஷிப்டுக்கு முன் ஒரு பேச்சு

(மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு. மே மாதம், காலை ஏழரை மணி. பேசுபவர் யார்டின் பாதுகாப்பு அலுவலர்.)

எல்லோருக்கும் வணக்கம். அண்ணன்மார், அக்காமார், தம்பிகள் எல்லோரும் ஷெட்டு நிழலுக்குள் வந்துவிடுங்கள். ஃபோர்க்லிப்ட் ஓட்டும் தம்பி, வண்டியை அணைத்துவிட்டு நீங்களும் வாருங்கள். இந்தி பேசும் தம்பிகளுக்கு உங்கள் மேஸ்திரி பக்கத்தில் நின்று சொல்லுவார்.

கத்திரி நடக்கிறது. மணி பதினொன்று ஆனால் இரும்புக் கண்டெய்னருக்குள் என்ன சூடு இருக்கும் என்று உள்ளே இறங்கி மூட்டை அடுக்குகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடல்காற்று மதியமே வந்துவிட்டால் பிழைத்தோம். அது தாமதமாகும் நாட்கள்தான் மோசம். 2003-ல் மே மாதக் கடைசியில் சென்னையில் 45 டிகிரி வரை ஏறியது, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் அவ்வளவு ஏறினால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். நம் பக்கம் 37, 38 டிகிரியே போதும். காரணம் புழுக்கம். மண்பானையைப் பாருங்கள்: வெளியே கசிகிற ஈரம் காற்றில் காய்ந்தால்தான் உள்ளே தண்ணீர் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் பானை ஈரமாகவே இருக்கும், தண்ணீர் குளிராது. உடம்பும் அப்படித்தான். வியர்வை சொட்டிக் கீழே விழுவதால் உடம்பு குளிராது, தோலிலேயே காய வேண்டும். அது காயாத நாளில் சூடு உள்ளேயே ஏறிக்கொண்டு போகும்.

அதில் இரண்டு கட்டம் இருக்கிறது. முதலாவது வெப்பச் சோர்வு. இரண்டாவது ஹீட் ஸ்ட்ரோக். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், இன்றைக்கு நான் பேச வந்தது முடிந்தது.

வெப்பச் சோர்வு வந்த ஆளுக்குத் தலைவலி இருக்கும், தலை சுற்றும், குமட்டும். கால் கெண்டை, வயிறு இழுத்துப் பிடிக்கும். வியர்வை கொட்டும். தொட்டால் தோல் பிசுபிசு என்று சில்லிட்டுக்கூட இருக்கும். நாடி வேகமாக அடிக்கும். ஆனால் ஆள் தெளிவாக இருப்பார். பெயர் கேட்டால் சொல்லுவார், 'ஒண்ணுமில்ல அண்ணே, கொஞ்சம் கிறுகிறுன்னு வருது' என்பார்.

ஹீட் ஸ்ட்ரோக்கில் மூளையே சூட்டில் தடுமாறுகிறது. உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். பேச்சு குழறும். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். சாதுவான ஆள் திடீரென்று கத்துவார், கெட்ட வார்த்தை பேசுவார். நேராக நடக்க மாட்டார். வலிப்பு வரலாம், நினைவு போகலாம். ஆளைப் பார்த்ததும் 'காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கான்' என்று மூலையில் படுக்கப் போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்துவிடாதீர்கள். வெயிலில் வேலை செய்த ஆள் உளறினால் ஹீட் ஸ்ட்ரோக் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

இன்னொன்று, 'வியர்வை நின்று தோல் காய்ந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக்' என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வீட்டுக்குள் புழுக்கத்தில் கிடக்கும் வயதானவர்களுக்கு அப்படி வருவதுண்டு. ஆனால் மூட்டை தூக்கிக்கொண்டே விழுகிற ஆளுக்குச் சட்டை வியர்வையில் நனைந்தே இருக்கலாம். அதனால் வியர்வையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆளின் தெளிவைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? மூன்று கேள்வி கேளுங்கள். இன்றைக்கு என்ன கிழமை? எந்த வண்டியில் வேலை செய்துகொண்டிருந்தாய்? கூட யார் இருந்தது? பதில் தப்பாக வந்தாலோ, முழித்துக்கொண்டு நின்றாலோ, அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். பீகார், ஒடிசா தம்பிகளிடம் நாம் தமிழில் கேட்டால் அவர் முழிப்பது பாஷையாலா சூட்டாலா என்று தெரியாது. அதனால் அவர் ஊர்க்காரர் ஒருவரை வைத்துக் கேளுங்கள். சர்க்கரை நோய் இருப்பவருக்குச் சர்க்கரை இறங்கினாலும் உளறல் வரும். அவரையும் நிழலுக்குக் கொண்டுபோய் 108-க்குக் கூப்பிட்டு, சர்க்கரை இருக்கிறது என்று மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, முதலில் வெப்பச் சோர்வுக்கு என்ன செய்வது. நிழலுக்குக் கூட்டிவாருங்கள், கண்டெய்னர் நிழலுக்கு அல்ல, அந்தத் தகரமே அனல் வீசும். இந்த ஷெட்டுக்கு வாருங்கள். ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ, சாக்ஸ் எல்லாம் கழற்றுங்கள். படுக்க வைத்துக் காலுக்கடியில் ஒரு மூட்டை வையுங்கள். துண்டை நனைத்து உடம்பைத் துடைத்து, ஃபேனைத் திருப்பிவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஓ.ஆர்.எஸ். தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அளவு அதுதான். டீ டம்ளரில் பாதிப் பாக்கெட்டைக் கொட்டிக் கலக்குவது தப்பு, உப்பு அதிகமாகிவிடும். பாக்கெட் இல்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

அரை மணி நேரத்துக்குள் ஆள் தேற வேண்டும். தேறவில்லை, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது என்றால் ஆஸ்பத்திரி. தேறினாலும் அன்றைக்கு மறுபடி வேலைக்கு இறங்கக் கூடாது. இதில் கூலி பிரச்சினை வரும் என்று எனக்குத் தெரியும். கண்டெய்னர் கணக்கில் கூலி வாங்குகிறவர் பாதியில் உட்கார்ந்தால் கூட்டாளிகளின் பங்கும் அடிபடும், அதனால்தான் பலர் வாயைத் திறப்பதில்லை. மேனேஜரிடம் பேசிவிட்டேன். வெயிலால் உட்கார்ந்தவருக்கு அன்றைய கூலி முழுசாக உண்டு, அவர் குழுவுக்கு மாற்று ஆள் தரப்படும். யாராவது பிடித்தம் செய்தால் நேராக என்னிடம் வாருங்கள்.

இப்போது ஹீட் ஸ்ட்ரோக். இதை மட்டும் நன்றாகக் கேளுங்கள். ஆளை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுவதுதான் நம் பழக்கம். எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர் வரிசை கட்டி நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நேரம் முழுக்க மூளையும் சிறுநீரகமும் ஈரலும் சூட்டில் கெட்டுக்கொண்டிருக்கும். அரை மணி நேரத்துக்குள் உடம்புச் சூட்டை இறக்கினால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். அதனால் ஒருவர் 108-ஐக் கூப்பிடும்போதே மற்றவர்கள் அதே இடத்தில் குளிர்விக்கத் தொடங்க வேண்டும்.

நம்மிடம் தார்ப்பாய் இருக்கிறது. அதை விரித்து ஆளை நடுவில் படுக்க வையுங்கள். உள்ளாடை தவிர மற்றதைக் கழற்றுங்கள், வெட்கம் பார்க்கிற நேரமில்லை. பெண்களாக இருந்தால் மற்ற அக்காமார் சுற்றி நின்று மறைத்துக்கொள்ளுங்கள், நைட்டியோ சுடிதாரோ மேலேயே தண்ணீர் ஊற்றலாம். நான்கு பேர் தார்ப்பாயின் நான்கு மூலையையும் தூக்கிப் பிடித்தால் தொட்டி மாதிரி ஆகிவிடும். அதில் டிரம் தண்ணீரைப் பக்கெட் பக்கெட்டாக ஊற்றி, ஐஸை உடைத்துப் போட்டு, தண்ணீரை அலசிக்கொண்டே இருங்கள். ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து தலையைத் தூக்கிப் பிடித்து, மூக்கும் வாயும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கு வேறு வேலை கிடையாது. காசிமேட்டிலிருந்து தினமும் ஒரு ஐஸ் பார் வரவழைத்து எடைமேடை ரூமில் தெர்மாகோல் பெட்டியில் வைக்கிறோம். தயவுசெய்து ஜூஸுக்கு எடுக்காதீர்கள்.

தார்ப்பாய் எட்டவில்லையா, ஹோஸ் பைப்பைத் திறந்துவிடுங்கள். ஆனால் வெயிலில் கிடந்த பைப்பில் முதலில் வருவது வெந்நீர், அதை ஓடவிட்டு அப்புறம் ஆள் மேல் பிடியுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். விசிறுங்கள். நடுங்கினாலும் தெளிவு வரும் வரை நிறுத்தாதீர்கள், ஆம்புலன்ஸ் வந்ததும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உளறுகிற, மயங்கிக் கிடக்கிற ஆள் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சோடா, மோர், தண்ணீர், எதுவும். நுரையீரலுக்குள் போய்விடும். டோலோ மாத்திரையும் வேண்டாம். அது காய்ச்சலுக்குத்தான் கேட்கும், இந்தச் சூட்டுக்குக் கேட்காது. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதில் நேரத்தைப் போக்காதீர்கள், தலை அடிபடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். நினைவில்லாமல் வாந்தி எடுத்தால் ஒருக்களித்துத் திருப்புங்கள். மூச்சு நின்றுபோனால் மார்பை அழுத்த வேண்டும். போன மாதம் பயிற்சி எடுத்த மேஸ்திரி இரண்டு ஷிப்டிலும் இருக்கிறார், கூப்பிடுங்கள்.

முந்திக்கொள்வது பற்றியும் கொஞ்சம். தாகம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். மோர், கேழ்வரகுக் கூழ், இளநீர் எல்லாம் நல்லது. சிறுநீர் டீ நிறத்தில் போனால் உடனே வந்து சொல்லுங்கள். முந்தின இரவு குடித்திருந்தால் அன்று உச்சி வெயில் வேலையைக் கேட்காதீர்கள். பிரஷர், சர்க்கரை, நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் நிறுத்தாதீர்கள், ஆனால் வெயிலில் வேலை என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கூட்டிப் பெருக்கும் அக்காமார் பாத்ரூம் போக இடமில்லை என்று தண்ணீரே குடிப்பதில்லை, அது எனக்குப் பெரிய கவலை. எடைமேடைக்குப் பின்னால் உள்ள பாத்ரூம் இனி பெண்களுக்கு மட்டும். சாவி உங்களிடமே இருக்கும்.

புதிதாகச் சேர்ந்தவர்களும், ஊருக்குப் போய்த் திரும்பியவர்களும் முதல் ஒரு வாரம் கவனம். வெயிலில் வேலை செய்து சாகிறவர்களில் நிறையப் பேர் முதல் சில நாட்களிலேயே விழுந்தவர்கள்தான். உடம்பு பழக அவகாசம் வேண்டும். முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு நாள் கூட்டலாம். நேற்று வந்து சேர்ந்த மூன்று தம்பிகளையும் மதியம் கண்டெய்னருக்குள் இறக்கக் கூடாது, மேஸ்திரி கவனிக்கவும்.

2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணப் பணம் உண்டு. அந்தப் பணத்தை நம்மில் ஒருவர் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிற நிலை எனக்கு வரக் கூடாது.

108-க்குப் பேசும்போது இப்படிச் சொல்லுங்கள்: 'வெயிலில் வேலை செய்தவர், உளறுகிறார், ஹீட் ஸ்ட்ரோக் மாதிரி இருக்கிறது, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம், மணலி கண்டெய்னர் யார்டு, இரண்டாவது கேட்.' யார்டின் முழு முகவரி கேட் ரூம் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது, அதைப் படியுங்கள். முதல் கேட்டில் டிரெய்லர் நிற்கும், ஆம்புலன்ஸ் நுழைய முடியாது. செக்யூரிட்டி அண்ணன் உடனே இரண்டாவது கேட்டைத் திறந்து சாலைக்கு வந்து நின்று கை காட்ட வேண்டும்.

இன்றைக்கு யாரும் தனியாக வேலை செய்யக் கூடாது. இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, யார் யாருக்கு ஜோடி என்று மேஸ்திரியிடம் பெயர் கொடுத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை கண்டெய்னருக்குள் வேலை இல்லை.