மெய்யன் சொன்ன சொல்

(மாசி மகத்துக்கு முந்தின இரவு தேவனாம்பட்டினம் கரையில் பாடுவதற்காக எழுதியது. திருவயிந்திரபுரத்துத் தேவநாதப் பெருமாளுக்கு ‘அடியவர்க்கு மெய்யன்’ என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறவள்தான் இந்தப் பாட்டின் தலைவி. கடற்கரையில் வீடு, மலையடிவாரத்தில் கல்யாண மாலை கட்டுகிற வேலை. விருத்தத்தை விருப்பமான ராகங்களில் பாடிக்கொள்ளலாம். பாட்டு ஆனந்தபைரவி, ஆதி தாளம். வசனம் வரும் இடங்களில் ஜால்ராவை நிறுத்திவிடுங்கள். ஒருவர் நிதானமாகச் சொன்னால் போதும், நடிக்க வேண்டாம்.)

விருத்தம்

மெய்யனென் றுன்னைச் சொன்னார் மெய்யென நம்பி வந்தேன்
கையினில் தொடுத்த மாலை காய்ந்திடக் காத்து நின்றேன்
பொய்யினைப் புன்ன கைக்குள் பொதிந்துநீ கொடுத்துப் போனாய்
ஐயனே கெடிலம் சூழும் அயிந்தையில் நின்று விட்டாய்!

பல்லவி

மெய்யன் என்று பேர் உனக்கு – என்
மெய் மெலிந்து போவதென்ன, தேவநாதா?

அனுபல்லவி

பொய்யன் என்று சொல்லிடவும் நாவெழாது – உன்னைப்
புகழ்ந்துகொண்டு காத்திருக்கப் பொறுமை இல்லை
(மெய்யன்)

சரணம் 1

மாசி மகத்தன்று கடலாட வந்தாய்
   மணல்மேட்டின் ஓரத்தில் நான்நின்று கொண்டேன்
தூசி படிந்தமுகம் துடைக்கவும் மறந்தேன்
   தோளேறிப் போனநீ திரும்பிப் பார்த்தாய்
‘வருகிறேன்’ என்றாய், உன் வாயசைய வில்லை
   வார்த்தைமட்டும் என்செவியில் வந்து விழுந்தது
அருகிருந்த பெண்ணுக்கோ கேட்கவே இல்லை – அவள்
   மாங்காய்ப் பத்தையைக் கடித்தபடி கடலைப் பார்த்தாள்
(மெய்யன்)

வசனம்

தோழி சிரிக்கிறாள். “அடி பைத்தியமே! புறப்படுகிற எவரும் நம் ஊரில் ‘போகிறேன்’ என்று சொல்வதுண்டா? விருந்துக்கு வந்தவர் சொல்வதும் ‘வருகிறேன்’. கடன் கேட்டு வந்தவர் சொல்வதும் ‘வருகிறேன்’. அது விடைபெறும் சொல். அதையா முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாய்?”

ஊரார் சொன்னால் அது விடைதான், தோழி. மெய்யன் என்று பேர் வைத்துக்கொண்டவன் சொன்னால் அது வாக்கு இல்லையா?

சரணம் 2

முகூர்த்தநாள் வந்தாலோ உன்மலை எங்கும்
   மூலைக்கு மூலையொரு நாதசுரம்
அகலாமல் அடிவாரம் அமர்ந்தபடி – நான்
   அத்தனைக்கும் மாலைகட்டி விடிந்து போகும்
எழுபத்து நான்குபடி ஏறு கின்றார்
   இருவராய் ஏறியவர் ஒருமுடிச்சில் இறங்குகின்றார்
தொழுதபடி எண்ணுகிறேன் தோள்கள் எல்லாம் – என்
   தோளுக்கு வந்தமாலை ஒன்றும் இல்லை
சம்பங்கி மணக்கிறது விரல்நுனியில்
   துளசியோ நகக்கண்ணில் பச்சை பூத்தது
கும்பிட்ட கைமணக்கும், குழம்பும் மணக்கும் – அம்மா
   கைகழுவிச் சமைக்கச்சொல்லிக் கத்துகின்றாள்
(மெய்யன்)

சரணம் 3

மருந்துமலை என்றுசொன்னார் உன்மலையை – அனுமன்
   வானில்வரச் சிந்தியதோர் துண்டம் என்றார்
பொருந்தாத பிணியெல்லாம் போகும் என்றே – சேஷ
   தீர்த்தத்தில் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டேன்
உப்புக் கரைந்தது, வெல்லம் கரைந்தது
   மிளகுமட்டும் மிதந்துகொண்டு நின்றதங்கே
அப்படித்தான் நானும்உன் நினைவின் மேலே
   ஆழவும் முடியாமல், கரையவும் முடியாமல்

பரிமுகன் சன்னதியில் பேனா வைத்துப்
   பிள்ளைகள் படிப்புக்கு வேண்டு கின்றார்
ஒருசொல்லைத் தவிரநான் எதுவும் படிக்கவில்லை – அதை
   மறக்கின்ற வரமொன்று தரலா காதா?
(மெய்யன்)

சரணம் 4

கெடிலத்தைத் தூதுவிட நினைத்துப் பார்த்தேன் – அது
   உன்னிடத்தில் இருந்தல்லவா என்னிடம் வருகிறது!
வடதிசைக்கு வளைந்துன்னைப் பார்த்து விட்டு
   வருகின்ற தண்ணீரைக் கையில் அள்ளி
‘என்ன சொன்னான்?’ என்றுகேட்டேன், பேச வில்லை
   உப்போடு கலந்துபோய் ஊமை யாச்சு

ஆமைவரும் இக்கரைக்கு முட்டை வைக்கத் – தான்
   பிறந்தமணல் எதுவென்று மறப்பதில்லை
ஆமையாய் முன்பொருநாள் மலை சுமந்தாய் – இந்த
   ஆமைக்குள்ள நினைவுகூட உனக்கில் லையோ?
(மெய்யன்)

வசனம்

2011 மார்கழியில் ஒரு புயல் வந்தது. அதற்குப் பெயர் ‘தானே’. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் கூரை எந்தத் திசையில் போனது என்றுகூடத் தெரியவில்லை. விடியாத இருட்டில் கதவை யாரோ இடித்தார்கள். அம்மா கட்டிலுக்கு அடியில் சுருண்டுகொண்டாள். நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன்.

ஏன் திறந்தாய் என்று இன்றுவரை கேட்கிறாள். தானே வருவேன் என்று நீ சொல்லியிருந்தாயே, அதனால் திறந்தேன். வீட்டுக்குள் வந்தது காற்று. அடுப்பு வரைக்கும் மணல். ஊரே அழுதது. ஊருக்காகவும் அழுதேன், உனக்காகவும் அழுதேன். எது எதற்கு என்று பிரித்துப் பார்க்க நேரம் இல்லை.

சரணம் 5 (காலம் தாழ்த்தி, மெல்ல)

செங்கமலத் தாயே, நீ மார்பில் இருக்கின்றாய்
   சீறவில்லை, பொறாமையில்லை, இடமும் கேட்கவில்லை
அங்கிருந்து பார்க்கையிலே கடல்தெரி கிறதா?
   அலைநுனியில் நிற்பவள்யார் என்று அவன்கேட்டால்
‘மாலைகட்டும் பெண்’ணென்று சொல்லி விடாதே – ‘நீ
   வாக்களித்த பெண்’ணென்று சொல், அது போதும்
(மெய்யன்)

சரணம் 6

விடிந்தால் மகம், நீ வருவாய் மீண்டும்
   வெள்ளைமணல் முழுவதும் காலடி ஆகும்
முடியவில்லை தூக்கம், நான் எழுந்து கொண்டேன்
   முகம்கழுவி, வாசலிலே கோலம் இட்டேன்
ஊருக்குக் கட்டியது போக, உனக்காக
   ஒருமுழம் மல்லிகை நனைத்து வைத்தேன்
ஆறும் கடலும்சேர் முகத்து வாரத்தில்
   அதேமேட்டில் நிற்கின்றேன், அடையாளம் வேண்டுமோ?

(தாளம் இல்லாமல்)

தீர்த்தம் ஆடி முடித்துத் திரும்பும் போது
   தோள்மேல் இருந்து என்னைப் பார்ப்பாய் அல்லவா,
பார்த்துவிட்டு ‘வருகிறேன்’ என்று மட்டும்
   இம்முறை சொல்லாதே, தேவநாதா
ஓர்எழுத்துப் போதும், வாய் அசைய வேண்டாம்
   ஒருவருக்கும் கேட்காமல் சொன்னால் போதும்:
‘வா.’