சளி ஸ்மியரும் கல்ச்சரும்: இரண்டுக்கு இரண்டு அட்டவணையைப் போட்டுப் பார்ப்போம்

உயிர்ப்புள்ளியியல் வகுப்புக் குறிப்பில் இருப்பது நான்கே வரி:

```
சென்சிட்டிவிட்டி = a / (a + c)
ஸ்பெசிஃபிசிட்டி = d / (b + d)
பி.பி.வி. = a / (a + b)
என்.பி.வி. = d / (c + d)
```

இதை மனப்பாடம் செய்பவர்கள்தான் தேர்வில் b-யையும் c-யையும் மாற்றிப் போடுவார்கள். சில புத்தகங்களில் நோய் நிலை மேலே இருக்கும், சிலவற்றில் பக்கவாட்டில் இருக்கும். அது மாறினால் எழுத்துகளும் இடம் மாறும், சூத்திரம் கவிழ்ந்துவிடும். அதனால் எழுத்துகளை ஓரமாக வைத்துவிட்டு, ஆட்களை எண்ணுவோம்.

உதாரணம் காசநோய். சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி என்று 1947-இல் ஜேக்கப் யெருஷால்மி எழுதியதும் காசநோய்க்கான மார்பு எக்ஸ்ரே வாசிப்பைப் பற்றித்தான். நாம் எடுப்பது சளியைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியர் சோதனை; உண்மையைச் சொல்லும் ஒப்பீட்டுச் சோதனை, சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர். நெஞ்சக நோய் வெளிநோயாளர் பிரிவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோடு வந்த 1000 பேருக்கு இரண்டும் செய்ததாக வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக எடுத்தவை.

முதலில் நிரப்ப வேண்டியது உள்ளே இருக்கும் நான்கு கட்டங்களை அல்ல, கீழே உள்ள மொத்தங்களை. கல்ச்சர் பாசிட்டிவ் 200, நெகட்டிவ் 800. அந்த 200 பேரில் ஸ்மியரிலும் பாசிட்டிவ் வந்தவர்கள் 120. அந்த 800 பேரில் ஸ்மியர் பாசிட்டிவ் 16. மீதியெல்லாம் கழித்தல்தான்.

| | கல்ச்சர் பாசிட்டிவ் | கல்ச்சர் நெகட்டிவ் | மொத்தம் |
|---|---|---|---|
| ஸ்மியர் பாசிட்டிவ் | 120 (a) | 16 (b) | 136 |
| ஸ்மியர் நெகட்டிவ் | 80 (c) | 784 (d) | 864 |
| மொத்தம் | 200 | 800 | 1000 |

சென்சிட்டிவிட்டி: நோய் உள்ள 200 பேரில் சோதனை பிடித்தது எத்தனை? 120/200 = 60%. ஸ்பெசிஃபிசிட்டி: நோய் இல்லாத 800 பேரில் சோதனை சரியாக விட்டது எத்தனை? 784/800 = 98%. இரண்டையும் மேலிருந்து கீழாக, ஒரே நெடுவரிசைக்குள் படிக்கிறோம்.

சென்சிட்டிவிட்டி 60 சதவீதத்தில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. நுண்ணோக்கியில் கண்ணுக்குப் படுவதற்கு ஒரு மில்லி சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகள் வேண்டும். அதற்குக் கீழே இருந்தாலும் கல்ச்சரில் வளரும், ஸ்மியரில் தெரியாது. சளிக்குப் பதில் உமிழ்நீரைத் துப்பிக் கொடுத்தவர்களும் அந்த 80 பேருக்குள் இருப்பார்கள். 16 பேர் தவறாகப் பாசிட்டிவ் ஆனதற்கும் வழக்கமான காரணங்கள் உண்டு: சாயத் துணுக்கைக் கிருமி என்று படிப்பது, ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்கு ஒட்டிக்கொண்டு போவது, மருந்து சாப்பிடுபவரின் சளியில் இறந்த கிருமிகள் சாயம் ஏற்பது. கடைசி வகையில் ஸ்மியரைக் குறை சொல்ல முடியாது. கல்ச்சரும் முழு உண்மை அல்ல. சளியைச் சுத்திகரிக்கச் சோடியம் ஹைட்ராக்சைடை அதிக நேரம் விட்டால் உயிருள்ள கிருமியும் செத்துவிடும். அப்போது a-வுக்குப் போக வேண்டியவர் b-க்குப் போவார்.

இனி நோயாளியின் பக்கம். ரிப்போர்ட் கையில் இருப்பவருக்குத் தன் நெடுவரிசை எது என்று தெரியாது, வரிசை மட்டும் தெரியும். பாசிட்டிவ் வந்த 136 பேரில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 120, பி.பி.வி. 88.2%. நெகட்டிவ் வந்த 864 பேரில் நோய் இல்லாதவர்கள் 784, என்.பி.வி. 90.7%.

அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று. “தவறான பாசிட்டிவ் 2%, ஆகவே பாசிட்டிவ் வந்தால் 98% நோய்தான்” என்று எழுதுவார்கள். அந்த 2% என்பது 16/800, நோய் இல்லாதவர்களில் ஒரு பங்கு. ரிப்போர்ட் வைத்திருப்பவருக்கு வேண்டியது 16/136, அதாவது 11.8%. மேலே இருப்பது அதே 16. வகுக்கும் எண்தான் வேறு.

இப்போது அதே ஸ்மியரை வீடு வீடாகப் போய், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 10,000 பேருக்குச் செய்வதாக வைப்போம். நோய் உள்ளவர்கள் 1%, அதாவது 100. சென்சிட்டிவிட்டியும் ஸ்பெசிஃபிசிட்டியும் மாறவில்லை என்று கொள்வோம். (நடைமுறையில் ஆரம்ப நிலை நோயில் கிருமி குறைவு என்பதால் சென்சிட்டிவிட்டி இன்னும் இறங்கும்.)

| | நோய் உண்டு | நோய் இல்லை | மொத்தம் |
|---|---|---|---|
| ஸ்மியர் பாசிட்டிவ் | 60 | 198 | 258 |
| ஸ்மியர் நெகட்டிவ் | 40 | 9702 | 9742 |
| மொத்தம் | 100 | 9900 | 10,000 |

பி.பி.வி. 60/258 = 23.3%. பாசிட்டிவ் வந்த நால்வரில் மூவருக்கு நோய் இல்லை. என்.பி.வி. 99.6% ஆகிவிட்டது, அதைப் பார்த்து மயங்க வேண்டாம், 100 நோயாளிகளில் 40 பேரை இந்தச் சோதனை தவறவிட்டிருக்கிறது. மொத்தத் துல்லியம் 9762/10,000 = 97.6%. சளியையே தொடாமல் எல்லோரையும் நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்திருந்தால் துல்லியம் 99%! இந்த அளவை நான் எந்த விடையிலும் தனியாக நிற்க விடமாட்டேன்.

அட்டவணை போடாமல் சரிபார்க்க ஒரு வழி: நேர்மறை வாய்ப்பு விகிதம் = 0.60/0.02 = 30. வெளிநோயாளர் பிரிவில் சோதனைக்கு முந்தைய ஆட்ஸ், அதாவது நோய் உள்ளவர்களை இல்லாதவர்களால் வகுத்தது, 200/800 = 0.25. பெருக்கினால் 7.5, 7.5/8.5 = 88.2%. ஊரில் 1/99 × 30 = 0.303; 0.303/1.303 = 23.3%. விடை ஒத்துவரவில்லை என்றால் ஏதோ ஒரு கட்டத்தில் கை தவறியிருக்கிறது.

பி.பி.வி. போடும் முன் அந்த ஆட்களை எப்படிச் சேர்த்தார்கள் என்று கேட்க வேண்டும். நோயாளிகள் 200, நோயற்றவர்கள் 200 என்று ஆய்வாளரே பொறுக்கி எடுத்திருந்தால் கட்டங்கள் 120, 4, 80, 196 ஆகும். சென்சிட்டிவிட்டி அதே 60%, ஸ்பெசிஃபிசிட்டி அதே 98%. ஆனால் பி.பி.வி. 120/124 = 96.8%, என்.பி.வி. 196/276 = 71.0%. இந்தக் கடைசி இரண்டும் ஆய்வாளர் வைத்த பாதிக்குப் பாதியிலிருந்து வந்தவை, எந்த மருத்துவமனைக்கும் பொருந்தாது.

இதற்குத் தலைகீழான பிழை கண்ணில் படுவது கடினம். கல்ச்சர் செலவு அதிகம், முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அதனால் ஸ்மியர் பாசிட்டிவ் வந்த 136 பேருக்கும் கல்ச்சர் செய்து, நெகட்டிவ் வந்த 864 பேரில் கால்வாசிக்கு, 216 பேருக்கு மட்டும், செய்கிறார்கள். அந்த 216-இல் 20 பேருக்கு நோய், 196 பேருக்கு இல்லை. சென்சிட்டிவிட்டி 120/140 = 85.7% என்று ஏறிவிடும்; ஸ்பெசிஃபிசிட்டி 196/212 = 92.5% என்று இறங்கும். பி.பி.வி.யும் என்.பி.வி.யும் (196/216 = 90.7%) அப்படியே நிற்கும், ஏனென்றால் வெட்டியது வரிசையை ஒட்டித்தான். 216 பேரையும் சீரற்ற முறையில் எடுத்திருந்தால் கீழ்வரிசையை நான்கால் பெருக்கி 80, 784 என்று மீட்டுவிடலாம். சந்தேகப்பட்டவர்களை மட்டும் பொறுக்கி அனுப்பியிருந்தால் மீட்க வழியில்லை.

விடையை எழுதும்போது வெறும் சதவீதம் போதாது. “சென்சிட்டிவிட்டி 60.0% (120/200, 95% நம்பக இடைவெளி, வில்சன் முறை, 53.1–66.5)” என்று பின்னத்தோடு எழுதுங்கள். பி.பி.வி.க்கு அருகில் நோய் விகிதத்தையும் போடுங்கள்: “பி.பி.வி. 88.2% (120/136), இக்குழுவில் நோய் 20%.”