பிளஸ் ஒன் இயற்பியல்: முதல் வகுப்பு, மாலை 7 மணி

வணக்கம் பிள்ளைங்களா. "நான் பேசுறது கேக்குதா"ன்னு நான் கேக்கப் போறதில்ல. கேக்காதவங்களுக்கு அந்தக் கேள்வியும் கேக்காது. அதனால ஸ்க்ரீன்லயே எழுதிப் போட்டிருக்கேன், பாருங்க. சத்தம் வந்தா சாட்ல 1 போடுங்க. வரலைன்னா 2. வேற எதுவும் வேண்டாம், அந்த ஒரு எண் போதும்.

ஒன்னு... ஒன்னு... இன்னொரு ஒன்னு. அவசரம் இல்ல, நான் தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கேன்.

சரி, 31 பேர் உள்ள இருக்கீங்க, பதினாலு ஒன்னு வந்திருக்கு. ஒரு ரெண்டும் வந்திருக்கு. அந்த ரெண்டு போட்டது 'அப்பா போன்'. தம்பியா தங்கச்சியா தெரியல, ஸ்பீக்கர் படத்தைத் தொட்டுப் பாரு, இல்லைன்னா வெளிய போயிட்டுத் திரும்ப வா. கதவு திறந்தேதான் இருக்கும். இந்த ஸ்க்ரீன்ல மூணு ரெட்மி, ரெண்டு 'அப்பா போன்', ஒரு 'முருகன் துணை' இருக்கு. முருகன் துணை எல்லாருக்கும் வேணும்தான், ஆனா எனக்கு உங்க பேரு தெரியணும். இன்னைக்கு வகுப்பு முடியறதுக்குள்ள பேரை மாத்திடுங்க, ஊரையும் பக்கத்துல போட்டுடுங்க. என் பேரு சாந்தி, ஊரு புதுக்கோட்டை. இருபது வருசத்துக்கு மேல இயற்பியல்தான் எடுக்கிறேன்.

கேமரா போடச் சொல்ல மாட்டேன். டேட்டா தீர்ந்துடும், வீட்டுல நாலு பேரு நடமாடுவாங்க, எனக்குத் தெரியும். நீங்க முகம் காட்டலைன்னா ஒன்னும் கெட்டுப் போகாது. ஆனா பதில் வேணும். பள்ளிக்கூடத்துல நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்னாலும், பின்னாடி யாரு முழிக்கிறாங்கன்னு தெரிஞ்சிடும். இங்க எனக்குத் தெரியறது கறுப்புக் கட்டமும் அதுல ஒரு எழுத்தும்தான். "புரிஞ்சுதா"ன்னு கேட்டா நீங்க எல்லாரும் "புரிஞ்சுது மிஸ்"னுதான் சொல்லுவீங்க, அதனால அதையும் கேக்கப் போறதில்ல. கணக்காத்தான் கேப்பேன்.

இப்பவே கேக்கறேன். புத்தகம் வேண்டாம், மூடி வைங்க.

மாடியில துணி எடுக்கப் போறீங்க. தூரத்துல மின்னல் வெட்டுது. மனசுக்குள்ள ஒன்னு, ரெண்டுன்னு நிதானமா எண்றீங்க. ஆறு வரும்போது இடி கேக்குது. மின்னல் எவ்வளவு தூரத்துல வெட்டியிருக்கும்? காத்துல ஒலி வினாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். ஒளி வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். இந்த ரெண்டையும் ஸ்க்ரீன்ல எழுதிட்டேன்.

பதிலைத் தமிழ்லயும் அடிக்கலாம், தங்கிலீஷ்லயும் அடிக்கலாம். எல்லாரும் பாப்பாங்களேன்னு கூச்சமா இருந்தா, சாட்ல பேரு தேர்வு பண்ற இடத்துல என் பேரை மட்டும் தொட்டு அனுப்புங்க. அது எனக்கு மட்டும்தான் வரும், நான் பேரு சொல்ல மாட்டேன். ஒரு நிமிசம் தரேன். அதுவரைக்கும் நான் வாயே திறக்க மாட்டேன்.

(ஒரு நிமிடம் அமைதி. சாட்டில் எட்டுப் பதில்கள்.)

நல்லது. 2 கிலோமீட்டர்னு அஞ்சு பேரு. 2040ன்னு ஒருத்தர், மீட்டரா கிலோமீட்டரான்னு எழுதல, பரீட்சையில அதுக்கு மார்க் போயிடும். 340ஐ ஆறால வகுத்து ஒருத்தர். அப்புறம் எனக்குத் தனியா வந்த ஒன்னு: 18 லட்சம் கிலோமீட்டர்.

இந்தப் பதில்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பெருக்கல் சரி, ஆறு இண்டு மூணு லட்சம், 18 லட்சம்தான். எடுத்த வேகம் மட்டும் ஒளியோடது. நிலாவே சராசரியா 3,84,400 கிலோமீட்டர் தூரத்துலதான் இருக்கு, நம்ம மின்னல் அதைத் தாண்டி எங்கயோ போயிடுச்சு. விடை வந்ததும் இது நடக்கிற காரியமான்னு ஒரு தடவை பாத்துக்கணும். அது இந்த ஒரு பதிலுக்கு மட்டும் சொல்லல, எல்லாருக்கும்தான்.

சரி, ஏன் ஒலியோட வேகத்தை எடுக்கணும்? ஒளியும்தானே அங்கிருந்து வந்துச்சு? இதுக்கு எண் கிடையாது, வார்த்தை வேணும். யாராவது மைக் போட்டுச் சொல்லுங்க.

பத்து எண்ணப் போறேன்... யாரும் இல்லையா? அப்ப நானே கூப்பிடுறேன். தெரியலைன்னா "அடுத்த ஆளு மிஸ்"னு சொல்லிடலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன். முத்துலட்சுமி, அருப்புக்கோட்டை. பேரும் ஊரும் ஒழுங்காப் போட்டிருக்கியே, அதுக்குத்தான் முதல் வாய்ப்பு.

— மிஸ்... அம்மா மிக்ஸி போட்டிருக்காங்க மிஸ்.

ஓடட்டும்மா, எங்க வீட்டுலயும் குக்கர் விசில் அடிக்குது. சொல்லு.

— ஒளி உடனே வந்துடும் மிஸ். அதுக்கு நேரமே ஆகாது.

நேரமே ஆகாதா?

— ஆகும் மிஸ். ஆனா ரொம்பக் கம்மி. எண்ண முடியாது.

அவ்வளவுதான்! 2 கிலோமீட்டர் வர ஒளிக்கு ஒரு வினாடியில லட்சத்துல ஒரு பங்குகூட ஆகாது. ஒலிக்கு ஆறு வினாடி. அதனால மின்னல் பாத்த நொடியையே அது வெட்டின நொடியா வெச்சுக்கிறோம். இனிமே மழையில எண்ணினதை மூணால வகுங்க, கிலோமீட்டர் வந்துடும். மாடியில நின்னு எண்ணாதீங்க, கீழ இறங்கி வந்து எண்ணுங்க. இடி காதுல விழற தூரத்துல இருந்தாலே மின்னல் நம்ம மேலயும் விழலாம்.

உங்க முதல் பாடமும் அளவீடுதான். நேரத்தை வெச்சுத் தூரத்தைக் கண்டுபிடிக்கிற வேலை அதுலயும் வருது. 1969ல அப்பல்லோ 11ல போனவங்க நிலாவுல ஒரு எதிரொளிப்பானை வெச்சுட்டு வந்தாங்க. பூமியிலிருந்து லேசர் அடிச்சா அதுல பட்டுத் திரும்பி வரும். அடிச்சதுக்கும் வந்ததுக்கும் நடுவுல சுமார் 2.56 வினாடி. 3 லட்சத்தால பெருக்கினா 7,68,000 கிலோமீட்டர். நான் இப்பதான் நிலா 3,84,400ன்னு சொன்னேன். எங்க தப்பு பண்ணினேன்? சாட்ல போடுங்க, இந்த தடவை 'அப்பா போன்'களும் போடணும்.

...'போய்ட்டு வருது மிஸ்'. 'ரெண்டு தடவை'. 'பாதி'. 'by 2'. ஆ, 'அப்பா போன்' பேசிடுச்சு! 'திரும்பி வர தூரமும் சேந்துடுச்சு, நான் கவின், திருத்துறைப்பூண்டி'. நல்லா எழுதியிருக்கே கவின். பேரை மேலயும் மாத்திடு.

இப்ப எண்ணிப் பாத்தேன், இருபத்திரண்டு பேர்கிட்டேருந்து பதில் வந்திருக்கு. மீதி ஒன்பது பேரு பயந்துட வேண்டாம், இன்னைக்குக் கூப்பிட மாட்டேன். வியாழக்கிழமை உங்க ஒன்பது பேருல இருந்துதான் ஆரம்பிப்பேன். கேள்வியை இப்பவே சொல்லிடுறேன், தயாரா வாங்க: ஒரு பாறைக்கு முன்னாடி நின்னு கை தட்டுறீங்க, 2 வினாடி கழிச்சு எதிரொலி வருது. பாறை எவ்வளவு தூரம்? விடை மட்டும் போதாது, எப்படி வந்துச்சுன்னு ஒரு வரி சேத்துச் சொல்லணும்.

இப்ப நோட்டை எடுங்க. அலகுகள். ஏழு அடிப்படை அளவுகள் இருக்கு, தெரிஞ்சது ஒன்னே ஒன்னு எழுதுங்க, முன்னாடி யாரோ எழுதினதையே எழுதக் கூடாது. கவின், நீ ஆரம்பி.