50 மி.மீ. வெப்பக் காப்பு போட்களின் தடிப்புக் குறைவும் சோதனைச் சான்றிதழ்கள் தராமையும்: முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
2025 ஏப்ரல் 23

விற்பனை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

பம்பலப்பிட்டியில் நாங்கள் கட்டிவரும் ஆறு மாடித் தொடர்மாடியின் மேல்தளத்துக்காக மார்ச் 25ஆம் திகதி உங்களிடம் 400 எக்ஸ்பிஎஸ் போட்களுக்கு ஓடர் கொடுத்தோம். 1200க்கு 600 மி.மீ. அளவு, 50 மி.மீ. தடிப்பு, 300 கிலோபஸ்கால் அமுக்க வலிமை, ஒவ்வொரு பட்ச்சுக்கும் சோதனைச் சான்றிதழ் என்று ஓடரில் தெளிவாக எழுதியிருந்தோம். மொத்தப் பெறுமதி 15,20,000 ரூபா. அதில் பாதி, அதாவது 7,60,000 ரூபா, முற்பணமாக உங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

புத்தாண்டு விடுமுறை முடிந்து 21ஆம் திகதி லொறி வந்தது. 50 கட்டு, கட்டுக்கு 8 போட், எண்ணிக்கை சரி. எங்கள் ஸ்டோர் பொறுப்பாளர் டெலிவரி நோட்டில் "எண்ணிக்கை மட்டும் பார்க்கப்பட்டது" என்று எழுதித்தான் கையெழுத்து வைத்தார். உங்கள் பிரதியிலும் அது இருக்கும்.

மறுநாள் ஆலோசகப் பொறியியலாளரின் முன்னிலையில் 10 கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு போட்களை வேணியர் கலிப்பரால் அளந்தோம். ஒன்றுகூட 50 மி.மீ. இல்லை. எல்லாம் 42க்கும் 44க்கும் இடையில், சராசரி 43. ஆனால் கட்டின் மேலுள்ள லேபிளில் "50" என்று அச்சிட்டிருக்கிறது. இந்தப் போட்களுக்கான ஐரோப்பிய நியமமான ஈஎன் 13164இன்படி, 50 மி.மீ. போட் அதிகபட்சம் 2 மி.மீ. வரைதான் குறையலாம். 48 வந்திருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

தொலைபேசியில் கேட்டபோது, "லொறியில் அடுக்கி வந்ததில் கொஞ்சம் அழுங்கியிருக்கும்" என்றார் உங்கள் விற்பனைப் பிரிவில் இருந்தவர். 300 கிலோபஸ்கால் போட் என்றால், அதைப் பத்திலொரு பங்கு, அதாவது 5 மி.மீ. அமுக்கவே சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 30 தொன் சுமை வேண்டும். 7 மி.மீ. அழுங்க அதைவிட அதிகம் வேண்டும். அப்படி எதை ஏற்றி வந்தீர்கள்? அடுக்கி வைத்ததிலேயே உண்மையாக அழுங்கியிருந்தால், அது 300 கிலோபஸ்கால் போட்டே இல்லை. எப்படிப் பார்த்தாலும் நாங்கள் கேட்ட பொருள் இது அல்ல.

அப்புறம், விலையில் கழிவு தருவதாகவும் அவர் சொன்னார். நன்றி, வேண்டாம். தடிப்பு 14 வீதம் குறைந்தால் வெப்பத்தைத் தடுக்கும் திறனும் அதே அளவு குறையும். கொழும்பு வெயிலில் மேல்மாடி வீட்டுக்காரர் அதை ஏசி பில்லில்தான் காண்பார். கழிவு அவருக்குப் போகாது. தண்ணீர் வடிகுழாய்களின் வாய்களையும் 50 மி.மீ. கணக்கில்தான் மட்டம் பார்த்துப் பொருத்திவிட்டோம். குறையும் 7 மி.மீ.ஐ மேலே சீமெந்துச் சாந்து போட்டு நிரப்பினால், தளத்துக்குத் தேவையில்லாத பாரம்தான் ஏறும்.

சான்றிதழ் விடயம் இதைவிட மோசம். லொறியோடு வந்தது ஒரு விளம்பரப் பிரசுரத்தின் ஃபோட்டோ பிரதி மட்டுமே. வெப்பக் கடத்துதிறன், அமுக்க வலிமை, நீர் உறிஞ்சல், தீ வகுப்பு ஆகியவற்றுக்கு ஆய்வுகூட அறிக்கைகள் வேண்டும். கட்டுகளின் லேபிளில் பட்ச் இலக்கமும் இல்லை. ஆகவே நாளை நீங்கள் ஓர் அறிக்கையை அனுப்பினாலும், அது இந்தப் போட்களுக்கு உரியதுதான் என்று எதை வைத்துச் சொல்வது? குறிப்பாகத் தீ வகுப்பு தெரியாத போட்டை மக்கள் குடியிருக்கப் போகும் கட்டடத்தில் போட ஆலோசகரும் விடமாட்டார், நானும் போடமாட்டேன்.

எனவே இந்த 400 போட்களையும் நாங்கள் ஏற்கவில்லை. ஏப்ரல் 30க்குள் உங்கள் செலவில் இவற்றை எடுத்துக்கொண்டு, சரியான 50 மி.மீ. போட்களைத் தாருங்கள். பட்ச் இலக்கத்துடன் கூடிய சான்றிதழ்கள் லொறி வரும் முன்பே எங்கள் கைக்கு வரவேண்டும். இறக்கும்போது அளந்து பார்த்துத்தான் எடுப்போம். மீதிப் பணம் அதற்குப் பிறகுதான். மே மாதம் வெசாக் விடுமுறை, பின்னால் தென்மேல் பருவ மழை. அதற்கு முன் மேல்தளத்தை மூடியாக வேண்டும் என்பதால் இத்திகதியைத் தள்ளிப்போட முடியாது.

முடியாது என்றால் இந்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். முற்பணத்தைத் திருப்பித் தரவேண்டும். வேறிடத்தில் வாங்குவதால் கூடும் விலையையும் உங்களிடமே கோருவோம். விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே உள்ளது. இதற்கு முன் உங்களிடம் வாங்கியவற்றில் குறை சொல்ல இடம் இருக்கவில்லை. அதனால்தான் சட்டத்தரணியிடம் போகாமல் முதலில் உங்களுக்கே எழுதுகிறேன்.

போட்கள் வெயில் படாமல் தார்ப்பாயால் மூடி சைட்டில் உள்ளன. உங்கள் ஆள் வந்து எங்கள் முன்னால் அளந்து பார்க்கலாம். காலை 8 மணிக்குப் பின் எந்த வேலை நாளும் சரி.

இப்படிக்கு,
உரிமையாளர்,
கட்டட ஒப்பந்தகாரர்

இணைப்பு: ஓடர் பிரதி, டெலிவரி நோட் பிரதி, பொறியியலாளர் கையொப்பமிட்ட அளவுத்தாள், கலிப்பருடன் எடுத்த படங்கள்
பிரதி: ஆலோசகப் பொறியியலாளர்