பட்டாசு ஆலை விபத்து: நிர்வாகத்தின் திருத்திய அறிக்கை

சிவகாசி, செவ்வாய்க்கிழமை, மாலை 5 மணி

எங்கள் ஆலையில் இன்று காலை நடந்த வெடி விபத்தில் இரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஐந்து பேர் தீக்காயமடைந்தார்கள். இறந்த இருவரும் பல ஆண்டுகளாக எங்களோடு வேலை செய்தவர்கள். அவர்களை இழந்து நிற்கும் குடும்பங்களின் துயரத்தில் நாங்களும் பங்கேற்கிறோம். இரண்டு வீடுகளுக்கும் நேரில் சென்று செய்தியைச் சொல்லியிருக்கிறோம். குடும்பத்தார் சம்மதிக்கும்வரை பெயர்களை வெளியிடமாட்டோம்.

நண்பகலில் நாங்கள் தந்த அறிக்கையைத் திரும்பப் பெறுகிறோம். தொழிலாளர்களின் கவனக்குறைவே காரணம் என்று அதில் சொல்லியிருந்தது. அதற்கு எந்த ஆதாரமும் எங்களிடம் இல்லை. பதில் சொல்ல முடியாதவர்கள்மீது பழி சுமத்திய அந்த வரிக்காக அவர்களின் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறோம். செய்தியாளர்கள் அதை இனி எடுத்தாள வேண்டாம்.

இதுவரை உறுதியாகத் தெரிந்தவை இவை. காலை 9.40 மணியளவில் மருந்துக் கலவை அறையில் வெடிப்பு ஏற்பட்டது. அந்த அறை முழுவதும் இடிந்தது. பக்கத்து அறையின் ஒரு சுவரும் சரிந்தது. தீயணைப்பு வீரர்கள் 11.15 மணிக்குத் தீயை முழுமையாக அணைத்தார்கள். இன்று வருகைப் பதிவேட்டில் இருந்த 64 பேரையும் ஒவ்வொருவராகச் சரிபார்த்துவிட்டோம். யாரும் இடிபாடுகளில் சிக்கியிருக்கவில்லை. காயமடைந்தவர்களில் மூவர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் இருவர் சிவகாசி அரசு மருத்துவமனையிலும் சிகிச்சை பெறுகிறார்கள். அவர்களின் உடல்நிலை குறித்து மருத்துவர்கள் சொல்வதே சரியான தகவல்.

வெடிப்புக்கான காரணம் இன்னும் தெரியவில்லை. உராய்வு, வெயில், மருந்தின் தன்மை என்று பலவாறாகப் பேசப்படுகிறது. அவற்றில் எதையும் நாங்கள் உறுதிசெய்யவும் இல்லை, மறுக்கவும் இல்லை. காவல்துறையும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும் வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் விசாரிக்கிறார்கள். உரிமம், இருப்புப் பதிவேடு, வேலைக்கு ஆட்களை ஒதுக்கிய பட்டியல் ஆகியவற்றை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டோம். விபத்து நடந்த இடத்தில் எதையும் நாங்கள் அப்புறப்படுத்தவில்லை.

அதிகாரிகள் அனுமதிக்கும்வரை ஆலை மூடியிருக்கும். அத்தனை நாளுக்கும் தொழிலாளர்கள் அனைவருக்கும் கூலி உண்டு. துண்டுக் கூலிக்கு வேலை செய்பவர்களுக்கும் அவர்களின் சராசரிக் கூலி கிடைக்கும். இறுதிச் சடங்கு, மருத்துவம், மதுரையில் உடனிருப்போர் தங்கும் செலவு ஆகியவற்றை ஆலையே ஏற்கிறது. சட்டப்படி சேர வேண்டிய இழப்பீட்டிலிருந்து இதில் ஒரு ரூபாயும் கழிக்கப்படாது. இரண்டு மருத்துவமனைகளிலும் எங்கள் அலுவலர்கள் இரவு பகலாக இருப்பார்கள். ஊர்களிலிருந்து வர முடியாத உறவினர்களுக்கு ஆலையின் வேன்கள் ஓடும். ஓட்டுநர்களிடம் சொன்னாலே போதும்.

காயமடைந்தவர்களின் படங்களும் காணொளிகளும் வாட்ஸ்அப்பில் பரவுகின்றன. அவர்களின் பிள்ளைகள் கையிலும் செல்போன் இருக்கிறது. தயவுசெய்து அவற்றை அனுப்பாதீர்கள்.

அடுத்த அறிக்கை நாளை காலை 10 மணிக்கு ஆலை வாயிலில் வாசிக்கப்படும். புதிய தகவல் இல்லையென்றாலும் வந்து அதைச் சொல்வோம். அதற்கு முன் ஏதேனும் உறுதியானால், முதலில் குடும்பங்களுக்கும் பிறகு செய்தியாளர்களுக்கும் தெரிவிப்போம்.

நிர்வாக இயக்குநர்