ஏழாம் வகுப்பு வரலாறு: தஞ்சைப் பெரிய கோயில் படத்துக்கான காட்சிக் குறிப்பு

கி.பி. 1014, தஞ்சாவூர், காலை வெயில். விமானம் எழுந்து நிற்கிறது; அதன் அடித்தளத்தில் கல்வெட்டு பொறிக்கிறார்கள். படத்தின் மையம் இந்த வேலைதான், அரசர் அல்ல.

முன்னால் ஒரு சிற்பி குந்தியிருக்கிறார். இடக்கையில் இரும்பு உளி, வலக்கையில் சுத்தியல். கருங்கல்லில் காவியால் எழுதிய வரிகளில் பாதி வெட்டப்பட்டிருக்கிறது. உளி முனையில் கல்தூள் பறக்கிறது. எழுத்துகள் சோழர் காலத் தமிழ் வடிவில் இருக்க வேண்டும். இன்றைய அச்செழுத்து கூடவே கூடாது. அருகில் ஒருவர் ஓலையைப் பார்த்து வாசகத்தைச் சொல்கிறார். பின்னால் கொல்லர் துருத்தி ஊதி, மழுங்கிய உளிகளைக் காய்ச்சித் தட்டுகிறார்.

ஆண்களுக்கு முழங்கால் வரை தைக்காத பருத்தி வேட்டி, வெற்று மார்பு, கொண்டை, காதணி. சட்டை, தலைப்பாகை, செருப்பு வேண்டாம்.

இன்றைய புகைப்படத்தைப் பார்த்து வரைந்துவிட வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்கிறோம். பெரிய நந்தி மண்டபம், அம்மன் சன்னதி, முருகன் சன்னதி மூன்றும் பிற்காலத்தவை. அவை இருக்கும் இடம் வெறும் திறந்த முற்றமாக இருக்கட்டும்.